படித்துக் காட்டப்பட்டது

அந்த மின்னஞ்சலை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. கல்யாணப் பத்திரிகைக்குக்கூட நான் அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. நான் ஒரு பம்புசெட் கம்பெனியின் சென்னைக் கிளையில் இருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து காரமடைக்குப் போகும் வழியில் இருந்த எங்கள் தொழிற்சாலையில், மோட்டார்களைச் சோதித்து அனுப்பும் பிரிவுக்கு என்னை மேனேஜராகப் போட்டிருந்தார்கள். பிறந்து வளர்ந்தது கோயம்புத்தூர்தான் என்றாலும், அந்தப் பிரிவில் இருந்த பதினான்கு பேரில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. போய்ச் சேர்வதற்கு முன்பே ஒரு மின்னஞ்சலில் என்னை அறிமுகம் செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. கம்பெனியில் அப்போதுதான் இணைய இணைப்பு வந்திருந்தது. மின்னஞ்சல் அனுப்புகிறவன் என்றாலே ஒரு தனி மிதப்பு.

ஆங்கிலத்தில் எழுதினேன். நான் படித்த படிப்பு, வெளிநாட்டில் எடுத்த ஆறு வாரப் பயிற்சி, என்னுடைய கொள்கைகள். "என் அறைக் கதவு உங்களுக்காக எப்போதும் திறந்திருக்கும்" என்று ஒரு வரி. உங்களில் எவரையும் இன்னும் சந்தித்ததில்லை, ஆனாலும் உங்களை நன்றாகவே அறிவேன் என்று ஒரு வரி. அதற்குக் கீழே, எனக்கு மிகவும் பிடித்துப்போன வரி: "எட்டு மாதங்களாகத் தலைமையின்றித் தடுமாறிக்கொண்டிருக்கும் இந்தப் பிரிவுக்கு ஒரு திசை காட்டவே நான் வருகிறேன்."

எட்டு மாதமாக மேனேஜர் நாற்காலி காலி என்று பர்சனல் ஆபீசர் போனில் சொல்லியிருந்தார். அவ்வளவுதான் அவர் சொன்னது. தலைமையின்மையும் தடுமாற்றமும் திசையும் என் சொந்தச் சரக்கு.

சேர்ந்த அன்று எல்லாரும் அவ்வளவு மரியாதையாக இருந்தார்கள். "வாங்க சார், உக்காருங்க, காப்பி சாப்புடறீங்களா" என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். பிரிவைச் சுற்றிக் காட்டியவர் எட்டு மாதமாகப் பொறுப்பு பார்த்துவந்த சூப்பர்வைசர். டிப்ளமோ படித்தவர், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். சாவிகள், சோதனைப் பதிவேடுகள், பாக்கி இருந்த புகார்க் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி ஒப்படைத்தார். பேச்சுக்குப் பேச்சு ஒரு 'ங்க'. என் மின்னஞ்சல் நன்றாக வேலை செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் கோபம் வந்தால் 'ங்க' குறையாது, கூடும். பத்து வருடம் வெளியூரில் இருந்ததில் அது மறந்துபோயிருந்தது.

பதிவேடுகளைப் புரட்டியபோதே எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். எட்டு மாதமும் ஒரு பக்கம் விடாமல் அவருடைய கையெழுத்து இருந்தது. முன்பெல்லாம் சோதனையில் ஒரு மோட்டார் தேறாவிட்டால், ஒரு சீட்டு எழுதி, கம்பிச் சுருள் கட்டும் வைண்டிங் பிரிவுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவர் பொறுப்புக்கு வந்தபிறகு, அதைக் கட்டிய ஆளையே கூப்பிட்டு, எந்தச் சுருளில் இன்சுலேஷன் போயிருக்கிறது என்று பிரித்துக் காட்டுகிற வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறார். சண்டை குறைந்திருந்தது. திரும்பி வரும் மோட்டார்களும் குறைந்திருந்தன. அதையெல்லாம் பார்த்துவிட்டு, பிரிவு பரவாயில்லை என்று டைரியில் எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது வாரம், டீ நேரத்தில் விஷயம் வெளியே வந்தது. மெக்கர் கருவி வைத்து இன்சுலேஷன் சோதிக்கிற ஒரு அம்மா. பிரிவிலேயே மூத்தவர், வாய்க்குப் பூட்டு போடாதவர். டம்ளரோடு என் அறை வாசலில் நின்று உள்ளே பார்த்தார். அறை என்பது மூன்று பக்கம் பிளைவுட் தடுப்பு, நாலாவது பக்கம் வெறும் வெளி.

"ஏனுங்க சார், கதவு எப்பவும் தொறந்தே இருக்கும்னு எழுதியிருந்தீங்களே. இங்க கதவே இல்லீங்களே."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபிறகுதான் உறைத்தது. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

"அதை நீங்க எப்படிப் படிச்சீங்க?"

"நான் எங்கீங்க படிக்கறது. எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனாங்கல்ல."

அப்புறம்தான் அங்கிருந்த வழக்கம் எனக்குத் தெரியவந்தது. தொழிற்சாலை முழுவதற்கும் ஒரே மின்னஞ்சல் முகவரி, முன் ஆபீஸில் ஒரே கம்ப்யூட்டர். டெலிபோன் கட்டணத்துக்குப் பயந்து நாளுக்கு இரண்டு தடவைதான் இணைப்பார்கள். வந்ததை அச்செடுத்து அந்தந்தப் பிரிவுக்கு அனுப்புவார்கள். எங்கள் பிரிவில், மேலிடத்திலிருந்து எந்தத் தாள் வந்தாலும், காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கும் முன் எல்லாரையும் நிறுத்தி, தமிழில் படித்துக் காட்ட வேண்டும். படித்தவர் அந்தத் தாளின் அடியில் 'படித்துக் காட்டப்பட்டது' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுக் கோப்பில் வைக்க வேண்டும்.

"யார் படிச்சது?" என்றேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"நம்ம சூப்பர்வைசருதானுங்க. வேற யாருக்கு இங்கிலீசு தெரியும்?" அந்த அம்மா சிரிப்பை நிறுத்தியிருந்தார். "எட்டு மாசமாத் தலைமை இல்லாமத் தடுமாறுதுன்னு அவரே படிச்சாருங்க. நாங்க யாருமே அவரு மூஞ்சியப் பாக்கலீங்க. படிச்சு முடிச்சுப்போட்டு, 'சரி, வேலையப் பாருங்க'ன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாருங்க."

டீ ஆறிப்போனது. அன்று மாலை கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். என்னுடைய மின்னஞ்சல், புள்ளிப் புள்ளியாக அடிக்கும் பழைய பிரிண்டரில் அச்சாகி, அடியில் நீல மையில் 'படித்துக் காட்டப்பட்டது'. கையெழுத்து ஒரு நடுக்கமும் இல்லாமல் இருந்தது. அவமானம் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் சரியாகத் தெரிந்தது. பட்டவர் அவர். கூசிப்போனது எனக்கு.

மறுநாள் அவரைத் தனியாகப் பிடித்தேன். "அந்த ஒரு வரியை விட்டுட்டுப் படிச்சிருக்கலாமே" என்றேன். மன்னிப்புக் கேட்கப் போனவன் எப்படி ஆரம்பித்தேன் பாருங்கள், குற்றத்தை அவர் பக்கம் தள்ளிக்கொண்டு.

"எழுதுனதத்தானுங்க படிக்கோணும். ஆபீஸ் தாள்ல நாம கை வைக்கலாமுங்களா?" என்றார். அப்புறம், "நீங்க எழுதுனது ஒண்ணும் பொய்யில்லீங்களே. மேனேஜர்னு யாரும் இல்லைதானுங்களே" என்றார். குரலில் குத்தலே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பதினான்கு பேர் முன்னால் நடந்ததைப் பதினான்கு பேர் முன்னால்தான் சரிசெய்ய முடியும். இது தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. காலை எட்டு மணிக்கு நின்று, நான் தெரியாமல் எழுதிவிட்டேன், இந்தப் பிரிவை நடத்தியது இவர்தான் என்று இரண்டு வாக்கியம் பேசினால் போதும். தினமும் காலையில் நினைப்பேன். எட்டு மணி அடிக்கும். வாய் திறக்காது.

அந்த மாதக் கூட்டத்துக்காகக் கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர் சும்மா இருந்தது. உட்கார்ந்து எங்கள் தொழிற்சாலைக்கே ஒரு மின்னஞ்சல் அடித்தேன். முதல் பத்தியில், மெக்கர் கருவிகளைச் சரிபார்க்க வியாழக்கிழமை ஆள் வருவதைப் பற்றி. இரண்டாவது பத்தியில் என் மன்னிப்பு. என் முதல் மின்னஞ்சலில் இருந்த அந்த வரி தவறு, எட்டு மாதமும் பிரிவைத் தலைவராக இருந்து நடத்தியவர் இவர், நான் இவரிடமிருந்துதான் பொறுப்பை வாங்கிக்கொண்டேன் என்று எழுதினேன். எழுதுவதென்றால் எனக்கு எப்போதும் தைரியம் வந்துவிடும். அதைப் படிக்கப்போவதும் அவர்தான் என்பது அனுப்பு பொத்தானை அழுத்தியபிறகுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் எட்டு மணிக்கு எல்லாரும் கூடினார்கள். நானும் ஓரமாக நின்றேன். அவர் தாளைப் பிரித்து மெக்கர் விஷயத்தைப் படித்தார். இரண்டாவது பத்திக்கு வந்ததும் நின்றார். கண் மட்டும் வரிகளின் மேல் போய்த் திரும்பியது. காது மடல் சிவந்தது.

"மீதி என்னயப் பத்துனதுங்க," என்று தாளை மடித்தார். "வேலையப் பாக்கலாமுங்க."

தன்னைக் குறைத்து எழுதியதை வரி விடாமல் படித்தவருக்குத் தன்னைப் புகழ்ந்து எழுதியதைப் படிக்க வாய் வரவில்லை. நான் ஆறடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். தாளை வாங்கி நான் படித்திருக்கலாம். மெக்கர் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

மதியம் கோப்பில் அந்தத் தாள் இருந்தது. அடியில் அதே நீல மை: 'பத்தி ஒன்று மட்டும் படித்துக் காட்டப்பட்டது.' கையெழுத்து, தேதி. பொய் எழுத அவருக்குக் கை வரவில்லை.

கடைசியில் இரண்டாவது பத்தியை நான் படித்துவிட்டேன். அந்த வாரம் சனிக்கிழமை காலை, எட்டு மணிக்கு, தமிழில், தடுமாறித் தடுமாறி. படித்து முடித்ததும் எல்லாரும் அவரவர் வேலைக்குப் போனார்கள். மெக்கர் அம்மா மட்டும், "அவரு இருக்கும்போது படிச்சிருக்கலாமுங்க சார்" என்றார்.

அவர் அன்று லீவு. சத்தியமங்கலத்தில் மச்சினன் கல்யாணம். லீவு சீட்டில் கையெழுத்துப் போட்டவனே நான்தான். அவர் எதிரில் நின்று படிக்கும் தெம்பு எனக்கு இல்லை. அதனால்தான் அந்தச் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

படித்தபிறகு கோப்பை எடுத்து, அவர் எழுதியதற்குக் கீழே 'இரண்டாவது பத்தியும் படித்துக் காட்டப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை கல்யாண வீட்டு முறுக்கும் லட்டும் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, என் மேஜைக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். கையில் கோப்பு இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"தேதி போடலீங்க," என்றார்.

மறந்து விட்டதில்லை அது, வேண்டுமென்றே விட்டது; அந்தத் தேதி அவர் லீவில் இருந்த தேதி. அவர் என் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினார். நான் சனிக்கிழமை தேதியைப் போட்டேன். அவர் அதைப் பார்த்தார்.

"சரிங்க," என்று சொல்லிவிட்டுக் கோப்பை எடுத்துக்கொண்டு போனார்.