விடியலில் வராத வலு

தீயணைப்புப் படைத் தேர்வில் அவள் இரண்டாம் முறையும் தோற்றபோது மைதானத்துக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதாள். எழுபது கிலோ ஆள் பொம்மையைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் குறித்த நேரத்துக்குள் கோட்டைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான். போன வருஷமும் பாதியில் நின்றது. இந்த வருஷமும் அதே இடத்தில் கால் வேர் விட்டது போல நின்றுவிட்டது.

அவள் ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் பெரிய இஸ்திரி இயந்திரம் ஓட்டுபவள். பகல் முழுக்க ஈர விரிப்புகளோடு மல்லுக்கட்டுவாள். வேலை முடிந்ததும் நேராக உடற்பயிற்சிக் கூடம். அங்கே அதே எடைப் பொம்மையை அலட்சியமாக இழுப்பாள். கூடத்து ஆண்கள்கூட ஒதுங்கி வழிவிடுவார்கள். அப்படிப்பட்டவளுக்குத் தேர்வன்று மட்டும் என்ன வந்தது?

"பயந்துட்டேங்க. வேற என்ன?" என்றாள் கணவனிடம். அவன் நகரப் பேருந்து ஓட்டுநர். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் வரமாட்டான்.

"நீயா? கரப்பான் பூச்சியை வெறுங்கையால பிடிக்கிறவ நீ," என்றான் அவன். சிரிக்க வைக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

சிரிக்கிற நிலையிலும் இல்லை. ஓட்டல்காரர்கள் சலவையை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். தேர்வுக்கான வயது வரம்புப்படி அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே வாய்ப்பு. அதுவும் அந்த ஆண்டு இடங்கள் நிரம்பாததால் சில மாதங்களிலேயே மறுபடி வரும் என்றார்கள்.

அவள் தேர்வு அலுவலகத்துக்குப் போய்க் கெஞ்சியும் பார்த்தாள். பெண்களுக்கான தேர்வை எப்போதும் விடியற்காலையில்தான் வைத்தார்கள். "சார், என்னை மட்டும் சாயங்காலம் விட்டுப் பாருங்க சார். அப்பதான் தினமும் இழுக்கிறேன், கண்டிப்பா இழுத்துக் காட்டுறேன்."

அதிகாரி கெட்டவரில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "நெருப்பு மணி பார்த்தாம்மா பிடிக்குது?"

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. அன்று சாயங்காலம் கூடத்தில் எடையைத் தொடாமல் பெஞ்சில் சாய்ந்து கிடந்தாள். பயிற்சி தருகிற பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் இவள் வயதுதான். ஒரு காலத்தில் போட்டிகளில் பளு தூக்கியவள்.

"தேர்வு எத்தனை மணிக்கு?"

"விடியறப்போ."

"நீ பயிற்சி பண்றது?"

"உங்களுக்குத் தெரியாதா கோச்? சாயங்காலம்தான்."

பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டாள். "தப்பு என்மேல. முதல்லயே கேட்டிருக்கணும்."

மறுநாள் விடிகாலையில் அவளை வரச்சொல்லி, முதலில் நாக்குக்கடியில் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை வைத்தாள். பிறகு எடை தூக்கச் சொன்னாள். தினமும் துள்ளி எழும்புகிற கம்பி முழங்காலைத் தாண்டவில்லை. சாயங்காலம் மறுபடி தெர்மாமீட்டர். உடம்புச் சூடு அரை டிகிரிக்கு மேல் ஏறியிருந்தது. அதே கம்பி மேலே போனது.

"உனக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது," என்றாள் பயிற்சியாளர். "நீ முழிக்கிறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடிதான் உடம்பு ரொம்பக் குளிர்ந்து கிடக்கும். அப்புறம் மெதுவா ஏறி, சாயங்கால வாக்குல உச்சிக்கு வரும். தசை சூடா இருந்தா வேகமா இழுக்கும், மூட்டு இளகும். அதான் பெரும்பாலானவங்களுக்குச் சாயங்காலம் வலு கொஞ்சம் கூட. கொஞ்சம்தான். ஆனா நீ தோத்ததும் அந்தக் கொஞ்சத்துலதானே?"

"அப்போ காலையில பண்றது வீணா?"

"யார் சொன்னா? மாசக்கணக்குல வலு வளர எந்த நேரமும் ஒண்ணுதான். ஆனா உடம்பு எந்த நேரத்துக்குப் பழகுதோ அந்த நேரத்துக்குத் தயாரா நிக்கும். காலையிலயே தொடர்ந்து பண்ணினா அந்த வித்தியாசம் குறையும்."

அவசரக்காரி அவள். சாயங்காலப் பயிற்சியை விட மனசு வராமல், தூக்கத்தை வெட்டிக் காலைப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டாள். கணவன் வந்தபின் படுத்து, இருட்டு பிரியுமுன் எழுந்தாள். இரண்டு வாரத்தில், சாயங்காலம் தூக்கிக்கொண்டிருந்த எடையைக்கூடத் தூக்க முடியாமல் போனது. இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் நின்றபடியே கண் சொருகி, முன்னங்கையைச் சுட்டுக்கொண்டாள். கட்டுப் போட்ட கையோடு கூடத்துக்கு வந்து, "எனக்கு எதுவும் வராது கோச். விட்டுடுறேன்," என்றாள்.

பயிற்சியாளர் திட்டவில்லை. "தூக்கத்தைத் திருடி வலுவை வாங்க முடியாது. நீ எழுந்திருக்கிற நேரத்தை மாத்தின, படுக்கிற நேரத்தை மாத்தல. உள்ள இருக்கிற கடிகாரத்தைத் தடாலடியாத் திருப்ப முடியாது. தினம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் நகரும். ராத்திரி விளக்கைக் குறை, சீக்கிரம் படு. காலையில வெளிச்சத்துல நட. சாயங்காலம் இங்க வந்தா கதவைச் சாத்துவேன்."

அதற்கு வீடு விலை கொடுத்தது. கணவன் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அவள் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். அவர்களின் சின்ன மகள் அப்பாவுக்காக விழித்திருப்பேன் என்று அடம்பிடித்து அழுவாள். "லாட்ஜுல தங்குறவங்க மாதிரி ஆயிட்டோம்மா நாம," என்று ஒரு விடுமுறை நாளில் அவன் சொன்னபோது குரலில் கேலி இல்லை. அவள் மகளின் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள்.

இடையில் சலவைப் பிரிவை மூடினார்கள். விடிகாலைக் கம்பி இன்னும் கனத்தது. வியர்க்கும்வரை கயிறு தாண்டி, படியேறி இறங்கி, உடம்பைச் சூடாக்கிய பிறகே எடையைத் தொட வேண்டும் என்று பயிற்சியாளர் பிடிவாதமாக நின்றாள். ஒரு மாதம் போல ஆனபின் ஒருநாள் கம்பி முழங்காலைத் தாண்டியது. ஆனால் சாயங்கால அளவுக்கு இன்னும் வரவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

தேர்வன்று குளிர். வரிசையில் நிற்கவைத்துவிட்டு அதிகாரிகள் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார்கள். நின்றவர்களின் உடம்பு ஆறிக்கொண்டிருந்தது. அவள் மட்டும் கணவனின் கம்பளிச் சட்டையைக் கழற்றாமல், நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள்.

"இங்கயே ஓடி முடிச்சிடுவ போலிருக்கே," என்று பின்னால் ஒருத்தி சொல்ல, வரிசை சிரித்தது. அவள் குதிப்பதை நிறுத்தவில்லை. சிரித்தால் மூச்சு வீணாகும் என்று பயந்தாள்.

விசில் ஒலித்தது. பொம்மை நகர்ந்தது. பாதி வழியில், அதே இடத்தில், தொடை பாறையாக இறுகியது. நின்றுவிட்டாள். ஒரு கணம் எல்லாம் முடிந்தது என்றே நினைத்தாள். "கடவுளே" என்று கூப்பிடக்கூட வாயில் ஈரமில்லை. பிடியை மாற்றிக்கொண்டு, உடம்பின் மொத்தப் பாரத்தையும் பின்னால் சாய்த்தாள். பொம்மையின் குதிகால் கோட்டைத் தாண்டியதும் நேரம் முடிந்த விசில் ஒலித்ததும் ஒன்றாக நடந்தன. நேரம் அளந்தவர் இன்னொரு அதிகாரியைப் பார்த்தார். அவர் சரி என்று தலையாட்டினார். அவள் தண்ணீர்க் குழாயடிக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

அவளுக்கு முன்னால் இழுத்துத் தோற்ற ஒரு பெண் அங்கே சுவரில் முகம் புதைத்து நின்றாள். "வீட்ல இழுக்கும்போது வருதுக்கா. இங்க வந்தா போயிடுது," என்றாள்.

"எந்த நேரத்துல பழகின?"

அந்தப் பெண் பதில் சொல்லுமுன் அடுத்த சோதனையான ஏணி ஏறுவதற்கு இவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது அந்த இடம் காலியாக இருந்தது.

முடிவு வெளியானபோது தேறியவர்களில் கடைசிப் பெயர் இவளுடையது. கணவன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் ஆடினான். இவள் வாசற்படியில் உட்கார்ந்து, சுட்ட தழும்பைத் தடவியபடி, அந்தக் குழாயடிப் பெண்ணையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

படையின் பயிற்சி முடிந்து தீயணைப்பு நிலையத்தில் சேர்ந்த முதல் வாரமே அவளுக்கு ராத்திரிப் பணி போட்டார்கள். முதல் பணி முடிந்து காலையில் வீடு திரும்பி, ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிப் படுத்தாள். தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். விடியலுக்குப் பழக்கிய உடம்புக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்து அறையில் கணவன் மகளிடம், "சத்தம் போடாதே, அம்மா தூங்கணும்," என்று கிசுகிசுப்பது கேட்டது. அவள் கண்ணை மூடியபடியே கிடந்தாள்.