ஒரு கட்டம் காலியாக இருந்தது

அலுவலகத்தில் அவரை எல்லாரும் திருகாணி மேடம் என்பார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். படுத்த படுக்கையாகக் கிடப்பவரைத் துணித்தொட்டிலில் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கும் இயந்திரம் ஒன்றை அவர் வடிவமைத்துக்கொண்டிருந்தார். தூக்குவது மோட்டாரால் சுழலும் ஒரு திருகுத்தண்டு. கரண்ட் போனாலும் பாரம் பொத்தென்று விழாது, அந்தரத்தில் அப்படியே நிற்கும். அதை நினைத்து அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

வடிவமைப்பு மறுஆய்வுக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். அதில் தேறினால்தான் உற்பத்திக்குப் போகும். கூட்டத்தில் காட்டவேண்டிய பக்கங்களை மேடம் முறைப்படி அடுக்கினார். முதலில் தேவைகள், பிறகு பரிசீலித்த வழிகள், கடைசியில் தேர்ந்தெடுத்தது, ஏன் என்ற காரணத்தோடு. தேவைகளிலும் கட்டாயமானவை வேறு, இருந்தால் நல்லது என்பவை வேறு. வழிகள் மூன்று: திருகுத்தண்டு, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கைப்பம்பு, கம்பிவடம். மூன்றையும் ஒப்பிடும் அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கான சோதனை அறிக்கையின் எண்ணையும் எழுதிக்கொண்டே வந்தார்.

“மின்சாரம் நின்றால், ஒரே பணியாளர் நோயாளியைப் பிடித்தபடி இறக்க முடிய வேண்டும்.” கட்டாயத் தேவை. திருகுத்தண்டுக்கு நேரே இருந்த கட்டத்தை நிரப்ப அறிக்கையைத் தேடினார். தேறியது என்றுதான் இருந்தது, எத்தனை பேர் சேர்ந்து இறக்கினார்கள் என்று இல்லை. சோதனைக்கூட மெக்கானிக்கைக் கூப்பிட்டு எப்படிச் செய்தார்கள் என்று கேட்டார்.

“நான் பின்னாடி நின்னு தண்டைத் திருப்புற கைப்பிடியச் சுத்தினேன் மேடம். ஹெல்பர் பையன் முன்னாடி, ஆளுக்குப் பதிலா வச்ச மணல்மூட்டையப் புடிச்சுக்கிட்டான்.”

“ரெண்டு பேரா?”

“ஆமா. இல்லன்னா மூட்டை ஆடுதே.”

மேடம் கூடத்துக்கே போனார். மணல்மூட்டையைத் தூக்க வைத்து மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். தனியாக நின்று கைப்பிடியைச் சுற்றினார். இரண்டு கையும் போட்டால்தான் அசைந்தது. முன்னால் தொங்கிய மூட்டை எட்டவில்லை. அது மெல்ல ஆடி, நோயாளியின் தலை இருக்கவேண்டிய பக்கம் இயந்திரத்தின் தூணில் போய் முட்டியது.

அந்த வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார். கைப்பிடியை முன்னால் கொண்டுவந்தாலும் இரண்டு கை வேண்டும். கொஞ்சம் சுற்றினாலே இறங்கும்படி தண்டின் மரை இடைவெளியை அகலமாக்கினால், பாரம் தானாகவே கீழே வந்துவிடும். எது அவருடைய பெருமையோ அதுவே காலை வாரியது. கைப்பம்பில் ஒரு வால்வை விரலால் திறந்தால் போதும், மறு கை நோயாளி மேல் இருக்கும். எண்ணெய் கசியும் என்று சொல்லி அதை ஆரம்பத்திலேயே ஓரங்கட்டியவர் அவர்தான்.

மேலாளர் வயதில் இளையவர், கெட்டவரும் இல்லை. அட்டவணையைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். “அந்த வரிக்குப் பத்துக்கு ரெண்டு மார்க் போடுங்க மேடம். மத்ததுல எல்லாம் நாமதான் மேல. கூட்டிப் பார்த்தா ஜெயிச்சுரும்.”

“இது மார்க் போடுற வரி இல்ல சார். முடியும், முடியாது. அவ்வளவுதான்.”

“அப்புறம் கடைசிப் பக்கத்துல என்னத்தப் போடுவீங்க?”

மேடம் அட்டவணையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். மேலாளர் தடுக்கவும் இல்லை, உங்கள் இஷ்டம் என்று எழுந்து போய்விட்டார்.

கூட்டத்தில் மேடம் அடுக்கிய வரிசையிலேயே பேசினார். திருகுத்தண்டும் கம்பிவடமும் கட்டாயத் தேவையில் தேறவில்லை என்றார். மூன்றில் தேறுவது கைப்பம்பு ஒன்றுதான், அதையே பரிந்துரைக்கிறேன் என்று முடித்தார். பாதுகாப்பு அதிகாரி தெளிவாக இருந்தது என்று பாராட்டினார். உற்பத்தித் தலைவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். கைப்பம்பு வைத்த இயந்திரம் கடையிலேயே கிடைக்கிறதே, அதை நாம் எதற்குச் செய்ய வேண்டும்? மேலாளர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் வருவதற்குள் திட்டத்தை மூடிவிட்டார்கள்.

வீட்டில் கணவர் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, “நல்லாத்தானே பேசின?” என்றார்.

“நல்லாத்தாங்க பேசினேன்.”

கணவர் குழம்புக் கிண்ணத்தை அருகே நகர்த்தினார்.

அந்தத் திட்டத்தில் அவரோடு கூட வேலை செய்த இரண்டு பெண்களையும் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். ஒருத்தி சொல்லிக்கொண்டு போனாள், மற்றவள் சொல்லாமலே போனாள். மேடத்துக்கு மற்றவர்கள் வரைந்த படங்களில் அளவு சரிபார்க்கும் வேலை. இயந்திரம் கூடத்து மூலையில் கொஞ்ச நாள் நின்றது. அப்புறம் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு தூணைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அவர் அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து, இனி எல்லா மறுஆய்வுக்கும் இதுவே மாதிரி என்று ஒரு கோப்பு எல்லாருக்கும் வந்தது. தேவைகள், வழிகள், தேர்வு: அவர் போட்ட அதே வரிசை, அதே எழுத்து. இயந்திரத்தின் பெயரை மட்டும் அழித்திருந்தார்கள். கட்டாயத் தேவைகளுக்கென்று அவர் தனியாக வைத்திருந்த பகுதி இல்லை. எல்லாத் தேவைகளும் ஒரே அட்டவணையில் கலந்து, எல்லாவற்றுக்கும் பத்துக்கு மார்க், கடைசியில் கூட்டல்.

யாருக்கு எழுதிக் கேட்பது என்று யோசித்தார். பிறகு கோப்பை மூடிவிட்டு, சரிபார்க்க வந்திருந்த அடுத்த படத்தைத் திறந்தார்.