போலி என்று எழுதாத படம்

கடை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெண்ணை நான் அவமானப்படுத்தினேன். பிழை என்னுடையது. அதை அவருடையது என்று எல்லோரையும் நம்பவைத்தேன். அந்தப் பொய்யால் அவர் இரண்டாம் முறையும் ஏமாந்தார்.

பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்ற பின், கொட்டகலையில் ஒரு துணிக்கடையின் பேஸ்புக் பக்கத்துக்கு எழுதிக்கொடுத்து வந்தேன். புதுச் சேலை வந்தால் படத்துக்குக் கீழே நாலு வரி. கூலி வாங்கவில்லை. "சேர் எழுதினா கடைக்கே ஒரு மதிப்புங்க" என்று முதலாளி சொல்வார். அதைக் கேட்பதற்காகவே காலையில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

தீபாவளிக்குச் சில நாட்கள் இருக்கையில், எங்கள் கடையின் பெயரிலும் அதே சின்னத்தோடும் இன்னொரு பக்கம் முளைத்தது. 'தீபாவளிப் பரிசு! நூறு பேருக்குச் சேலையும் பணமும். உங்கள் வங்கி அட்டை இலக்கத்தை இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள்' என்று போட்டிருந்தார்கள். முதலில் கண்டவர் கடையில் வேலை செய்யும் பெண். பக்கத்திலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருப்பவர். முதலாளி பதறிப்போய், "சேர், ஒடனே ஒரு எச்சரிக்கை போடுங்க" என்றார்.

போட்டேன். எப்படிப் போட்டேன் என்பதுதான் விஷயம். 'வாடிக்கையாளப் பெருமக்களே' என்று தொடங்கி, தீபத் திருநாள் வாழ்த்தும் கடையின் பழம்பெருமையும் ஏழெட்டு வரிகள். அதற்குப் பிறகுதான் 'எம் பெயரைப் பயன்படுத்தும் போலிக் கணக்குகள் குறித்து விழிப்பாயிருங்கள்' என்ற வாக்கியம். தொலைபேசியில் முதல் மூன்று வரிகள்தான் தெரியும். மிச்சத்துக்கு 'மேலும்' என்பதை அழுத்த வேண்டும். கூடவே, அந்தப் போலி விளம்பரத்தின் படத்தை, அவர்களுடைய எண் உட்பட, அப்படியே இணைத்தேன்.

கடைப் பெண் எட்டிப் பார்த்தார். "சேர், படத்து மேல செகப்புல பெருசா போலின்னு எழுதிருவோமா? நம்பரையும் மறைச்சிருவோம்."

"கீழேதான் எழுதியிருக்கேனே."

"கீழ யாரு சேர் வாசிக்கிறாங்க? படத்ததான் பாப்பாங்க."

"வாசிக்காதவங்களுக்காக நான் எழுதல."

"அப்ப யாருக்கு சேர் எழுதுறீங்க? நம்ம லயத்துல எல்லாருமே அந்தக் கூட்டம்தான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடம் படித்த பிள்ளை எனக்கே பாடம் சொல்கிறதே என்றிருந்தது.

அந்தப் படத்தை யாரோ இறக்கித் தோட்டத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டார்கள். என் வரிகள் அதோடு போகவில்லை, படம் மட்டும் போயிற்று. கடையின் உண்மையான பக்கத்திலிருந்து எடுத்தது என்பதால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. போலிப் பக்கத்தைப் பார்த்தே இராதவர்களுக்கும் அதன் எண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான் எழுதிய எச்சரிக்கைதான்.

சனிக்கிழமை முற்பகல் ஒரு பெண் தொலைபேசியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி கடைக்குள் வந்தார். கடைப் பெண் இருக்கும் அதே தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். மூச்சு வாங்கியது.

"ஐயா, பரிசுக் காசு போடுறோம்னு கார்ட் நம்பர் கேட்டாங்க. குடுத்தேன். போனுக்கு ஒரு நம்பர் வரும், அத சொல்லுங்கன்னாங்க. சொன்னேன். இப்ப காசு போயிருச்சுன்னு மெசேஜ் வருதுங்க. தீவாளி அட்வான்சுங்க ஐயா."

தீபாவளி முற்பணம் என்பது தோட்டம் கொடுக்கும் கடன். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள். பிள்ளைகளின் உடுப்பும் பலகாரமும் அதில்தான். அந்தக் கணக்கில் பாதி போயிருந்தது, பாதி மிச்சம் இருந்தது.

"எங்க கடை அப்பிடி ஒன்னும் போடலியே" என்றார் முதலாளி.

"ஒங்க பக்கத்துல இருந்துதான் வந்துச்சுங்க. பாருங்க, படம்."

முதலாளி என்னைப் பார்த்தார். பின்னால் நகர்ந்து, துணிச் சுருள்களின் மறைவில் நின்று, என் பதிவைத் திருத்தினேன். எச்சரிக்கை வாக்கியத்தைத் தூக்கி முதல் வரியில் வைத்தேன். பிறகு வந்து தொலைபேசியை நீட்டினேன்.

"முதல் வரியிலேயே எழுதியிருக்கேன். வாசிக்கத் தெரியாதா? பேராசை வந்தா கண்ணு தெரியாது."

யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தெரியும்ங்க. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சேன்" என்று மெல்லச் சொல்லிவிட்டு வெளியேறினார்.

அட்டையின் பின்புறத்திலுள்ள எண்ணுக்கு உடனே பேசி அதை நிறுத்துங்கள், இனி யார் எந்த இலக்கத்தைக் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். என் பதிவைக் காப்பாற்றுவதில் இருந்தேன்.

திங்கட்கிழமை கடைப் பெண் என்னைத் தனியே கூப்பிட்டார். "சேர், அந்த அக்காவுக்கு அன்னைக்கே திரும்பக் கோல் வந்திருக்கு. பேங்க்ல இருந்து பேசுறோம், போன காசத் திருப்பிப் போடணும், இன்னொரு நம்பர் வரும்னு. அதையும் சொல்லிருச்சு. மிச்சமும் போச்சு." பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "நீங்க திருத்துனத நான் பாத்தேன் சேர். திருத்துனா பேஸ்புக்ல தெரியும். பழைய வரியும் அதுல இருக்கு."

அந்தத் திருத்த வரலாற்றைத் திறந்து முதலாளியிடம் நானே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தகப்பனார் வைத்த பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தார். "வாப்பா காலத்துப் பேருங்க சேர் இது" என்றார். பிறகு கடைப் பெண்ணைக் காட்டி, "அந்தப் பக்கத்த இனி தங்கச்சி பாக்கட்டும்." கடவுச்சொல்லை அன்றே மாற்றினார்கள். நான் போட்ட பதிவையும் நீக்கினார்கள்.

மறுநாள் அந்தப் பெண்ணையும் அவர் கணவரையும் ஹட்டனுக்கு அழைத்துப்போனேன். வங்கியில் அட்டையை நிறுத்தினார்கள், முறைப்பாட்டுப் படிவம் வாங்கினார்கள். இலக்கத்தை நீங்களே சொன்னதால் திரும்பக் கிடைப்பது கஷ்டம் என்றார்கள். பொலிசில் அவர்களுக்காகச் சிங்களத்தில் நான் பேசினேன். இன்றுவரை பதில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை, அதே கடையில், அதே நேரத்தில், அவரை வரச்சொல்லி எல்லோர் முன்னிலையிலும் நடந்ததைச் சொன்னேன். பேராசை என்றது என் பொய் என்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அன்னைக்கே கார்ட நிப்பாட்டச் சொல்லியிருந்தா, மிச்சம் இருந்திருக்கும்ல சேர்?"

"இருந்திருக்கும்."

"அவ்வளவுதாங்க" என்று போய்விட்டார்.

புதிய எச்சரிக்கையைக் கடைப் பெண் எழுதினார். போலிப் படத்தின் மேல் குறுக்கே சிவப்பில் 'போலி', எண் மறைத்து. கீழே: 'இது எங்க கடை இல்ல. நாங்க கார்ட் நம்பர் கேக்க மாட்டோம், போனுக்கு வர்ற நம்பரும் கேக்க மாட்டோம். யாராவது கேட்டா கடைக்கு நேர்ல வாங்க. முன்ன நாங்க போட்ட படமும் பிழை. மன்னிச்சிருங்க.' அதில் திருத்த எனக்கு ஒன்றும் இல்லை.

தோட்டம் அந்தப் பெண்ணின் சம்பளத்தில் வெட்டும் கடன் தவணையை மாதாமாதம் ஓய்வூதியத்திலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். கணவர்தான் வாங்குவார். அந்தப் பெண் உள்ளே இருப்பார், வெளியே வரமாட்டார். மூன்றாம் மாதம் கணவர் லயத்து வாசலிலேயே என்னை மறித்தார்.

"இனி கொண்டாராதீங்க சேர்."

"ஏன், இன்னும் இருக்கே?"

"லயத்துல ஒரு மாதிரி பேசுறாங்க. சேர் சும்மா காசு குடுப்பாரா, அவருக்கும் அந்தக் கள்ளனுங்களோட பங்கு இருக்கும்னு. இவளையும் சேத்துப் பேசுறாங்க."

மறுத்துப் பேச வாயெடுத்தேன். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன சொன்னாலும் என்னைக் காப்பாற்றுவதற்காகவே இருக்கும் என்று பட்டது. மிச்சத் தவணைகளுக்கான உறையை, கடைப் பெண் மூலம் சேர்த்துவிடுகிறேன் என்றேன். கணவர் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. தேயிலை மலைக்கு நடுவே பாதையில் இறங்கி வந்தேன். எதிரே கொழுந்துக் கூடைகளோடு வந்த பெண்கள் பேச்சை நிறுத்தி, நான் போகுமட்டும் ஓரமாய் ஒதுங்கி நின்றார்கள்.