வலி தொடங்கிய நேரம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "உன்ர வாயாலதான் நீ கெடப்போறாய்" என்று யாழ்ப்பாணத்தில் அம்மா சொல்லாத நாள் கிடையாது. நான் கெடவில்லை. கெட்டது வேறொருத்தி.

பதுளைக்கு மாற்றலாகி வந்தபோது அவசர மருத்துவ மேற்படிப்புப் பரீட்சைக்கு எனக்கு ஏழு மாதம் இருந்தது. அதே பரீட்சைக்குப் படிக்கும் இன்னொரு மருத்துவரும் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவிலேயே வேலை செய்தார். மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர். பின்னேரங்களில் கன்டீனில் இருந்து பிளேன்டீ குடித்தபடி ஒருவரையொருவர் சோதிப்போம். சின்ன அட்டைகளில் நோயாளிக் கதைகளை எழுதி வைத்திருந்தோம். ஒருவர் வாசிக்க, மற்றவர் விடை சொல்ல வேண்டும்.

நெஞ்சு வலிக் கட்டுத்தான் எல்லாவற்றிலும் தடிப்பு. முதுகைக் கிழித்துக்கொண்டு போகிற வலி, இரண்டு கையிலும் இரத்த அழுத்தம் வேறு வேறு என்றால் பெருநாடி கிழிந்திருக்கிறது. படுத்தால் கூடுகிறது, முன்னால் குனிந்தால் குறைகிறது என்றால் இதயத்தைச் சுற்றிய உறையில் அழற்சி. ஒரு கால் மட்டும் வீக்கம், திடீரென மூச்சு முட்டல் என்றால் நுரையீரலில் இரத்தக்கட்டி. நெஞ்சை இறுக்கி, வியர்த்துக் கொட்டி, கைக்கோ தாடைக்கோ பரவினால் மாரடைப்பு. இதெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு.

ட்ரோபோனினும் அப்படித்தான். இதயத் தசை சாகும்போது இரத்தத்தில் கசிகிற புரதம் அது. அப்போது எங்களிடம் இருந்தது ஒரு சின்னச் சோதனை அட்டை. இரத்தம் விட்டால், ஒரு கோடு விழுந்தால் இல்லை, இரண்டு விழுந்தால் உண்டு. ஆனால் வலி தொடங்கி மூன்று நாலு மணித்தியாலம் போகும்வரை அந்த இரண்டாவது கோடு விழாமலே இருக்கலாம். ஆகவே சீக்கிரம் வந்தவருக்கு முதல் சோதனை "இல்லை" என்று சொன்னால் அதை நம்பக்கூடாது. வைத்திருந்து, ஆறு மணித்தியாலம் கழிந்த பிறகு திரும்பப் பார்க்க வேண்டும். வலி விடவில்லையென்றால் ஈசிஜியையும் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். எல்லாம் ஒரே கேள்வியில் தொங்குகிறது. வலி எப்போது தொடங்கியது?

நண்பருக்கு ஒரு குறும்பு. தன் அட்டைகளைத் தோட்டத்துப் பேச்சில் எழுதிக்கொண்டு வருவார். "நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்குங்க, ஏப்பம் வந்தா தேவலை" என்று ஒரு கிழவனைப் போல இழுத்து நடித்துக் காட்டுவார். எனக்குப் பொறுமை போய்விடும்.

"உந்தக் கூத்தெல்லாம் வேண்டாம். பரீட்சை இங்கிலீசில வரும். உங்கட லயத்துத் தமிழ் அங்க வராது" என்றேன் ஒரு நாள்.

அவர் கோபிக்கவில்லை. "நீங்க பாஸாகிருவீங்க டாக்டர். பெயிலாகப் போறது நம்ம ஆளுங்கதான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அடுத்த மாதமே ஒரு அம்மா வந்தா. ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால். கொழுந்து பறிக்கிறவ, ஐம்பது தாண்டியிருக்கும், நீரிழிவும் உண்டு. மடுல்சீமையிலிருந்து ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கித் தனியாக வந்திருந்தா. வாசல்வரை சனம். நண்பருக்கு அன்று மத்தியானம்தான் வேலை தொடக்கம்.

"எப்ப இருந்தம்மா நோகுது?"

"நேத்து ராவே நெஞ்சு கரிச்சிக்கிட்டுதாங்க இருந்துச்சு. பெரட்டுல புடிச்சிருச்சுங்க. இன்னும் விடல."

எங்கள் ஊரில் வயிற்றைப் பிரட்டுகிறது என்றால் சத்தி வருகிற மாதிரி இருக்கிறது என்று அர்த்தம். நான் தாளில் எழுதினேன்: நேற்று இரவிலிருந்து நெஞ்செரிவு, குமட்டலுடன்.

கைக்குப் பரவுகிறதா என்று கேட்டேன். "கை எப்பவும் வலிக்கிறதுதாங்களே, கூடை தூக்குற ஒடம்பு" என்றா. வியர்த்ததா? "மேட்டுல நடந்து வந்தா வேர்க்காதுங்களா?" நியாயமான பதில்கள்தான். ஈசிஜி சுத்தமாக இருந்தது. ட்ரோபோனின் அட்டையில் ஒரே ஒரு கோடு. என் கணக்கு நேராக ஓடியது. நேற்று இரவு தொடங்கிய வலி, பன்னிரண்டு மணித்தியாலம் ஆகிவிட்டது, மாரடைப்பாக இருந்தால் இதற்குள் இரண்டாவது கோடு விழுந்திருக்கும். விழவில்லை. ஆகவே இது இரைப்பை.

இரண்டாவது ஈசிஜி எடுத்திருக்கலாம். வலி இன்னும் விடவில்லை என்று அந்த அம்மா வாயால் சொன்னா. நீரிழிவுக்காரிக்கு மாரடைப்பு வெறும் எரிவாகவும் வரும் என்பது என் கையெழுத்திலேயே ஒரு அட்டையில் இருந்தது. ஆனால் கணக்குச் சரியாக வந்துவிட்டதே! அமிலத்துக்கு மாத்திரை கொடுத்து, "பயப்பிட ஒண்டுமில்லை, வீட்டை போங்கோ" என்று அனுப்பிவிட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனா.

இரண்டரை மணிக்குத் திரும்ப வந்தா. பஸ் ஸ்டாண்டில் மடுல்சீமை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறா. யாரோ ஆட்டோவில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இந்த முறை ஈசிஜியைப் பார்க்கப் படிப்பே தேவையில்லை. இதயத்தின் முன்சுவர் முழுக்க அடைப்பு. ட்ரோபோனினில் இரண்டாவது கோடு முதல் கோட்டைவிடக் கறுப்பாக விழுந்தது.

இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து போக ஆரம்பித்தபோது நண்பர் அந்த அம்மாவின் பக்கத்தில் குனிந்தார்.

"எப்பம்மா புடிச்சிச்சு?"

"காலைலயே சொன்னேனுங்களே. பெரட்டுலதான்."

அவர் நான் காலையில் எழுதிய தாளை எடுத்து வாசித்தார். "வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சாம்மா?"

"அதெல்லாம் இல்லீங்களே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "டாக்டர், பெரட்டுன்னா காலைல வேலைக்குப் பேர் பதியிற எடம். எல்லாரும் போயி வரிசையா நிப்பாங்க. ஆறரை மணி."

ஆறரை. நான் இரத்தம் எடுத்தது ஒன்பதுக்கு. இரண்டரை மணித்தியாலம். அந்த நேரத்தில் எந்த அட்டையிலும் ஒரு கோடுதான் விழும். பின்னேரம்வரை வைத்திருந்திருந்தால் கட்டிலிலேயே கண்டுபிடித்திருப்போம். இது எல்லாம் எனக்கு ஒரு நொடியில் விளங்கியது. விளங்கியவுடன் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும்.

நான் சொன்னது இது: "அப்பிடியெண்டா ஆறரை மணி எண்டு சொல்லியிருக்கலாமே அம்மா! உங்கட பெரட்டும் கிரட்டும் எனக்கென்னண்டு தெரியும்?"

பயத்தில்தான் கத்தினேன். ஆனால் கத்தினது கத்தினதுதான். மூக்கில் ஒட்சிசன் குழாயோடு படுத்திருந்த அந்த மனுசி, "ஆமாங்க, என் தப்புதாங்க. மணி சொல்லியிருக்கணும்" என்றா. நண்பர் மருந்துக் குழாயைச் சரிசெய்தார். அதன் பிறகு அவர் கன்டீனுக்கு அட்டைகளைக் கொண்டுவந்ததேயில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த அம்மா பிழைத்தா. ஆனால் இதயத்தில் பாதி இயங்கவில்லை. மலையேறிக் கொழுந்து பறிக்கிற சீவியம் அன்றோடு முடிந்தது.

பரீட்சையில் வாய்மொழிச் சோதனையில் எனக்கு வந்தது இதே கதை. ஐம்பத்திரண்டு வயதுப் பெண், நீரிழிவு, ஈசிஜி இயல்பு, ட்ரோபோனின் எதிர்மறை. வலி தொடங்கியது காலை 6.30, வந்தது 8.45 என்று தாளில் அழகாக அச்சடித்திருந்தார்கள். அடுத்து என்ன செய்வீர்கள்? வலி தொடங்கி இரண்டேகால் மணித்தியாலம்தான், இந்த முடிவை நம்ப மாட்டேன், வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், ஈசிஜியைத் திரும்ப எடுப்பேன், ட்ரோபோனினைத் திரும்பப் பார்த்து ஏறுகிறதா என்று கவனிப்பேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பரீட்சகர் தலையாட்டினார். நான் சித்தியடைந்தேன். நண்பரும்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த அம்மா கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தா. நடைபாதையில் காணும்போதெல்லாம், கால் வீங்கி, மூச்சு வாங்க எழுந்து நின்று கும்பிடுவா. "நீங்கதாங்க உசிரக் காப்பாத்துனீங்க" என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சொல்லுவா. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், பிழை உங்களுடையதில்லை, நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள், எனக்குத்தான் விளங்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். பிறகு அவசரமாக எங்கோ போவதுபோல நடந்துவிடுவேன். ஒரு மழைக்காலத்தோடு அந்த அம்மா வருவது நின்றுபோனது. கிளினிக் தாதியிடம் விசாரித்தேன். செத்துப்போயிட்டா என்றார்.

போன வருடம் அதே பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். தேயிலைக்கு மருந்தடிக்கிறவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டே, பெயரைக் கேட்குமுன் சொன்னார்: "காலைல ஆறு நாப்பதுங்க."

இப்போது எங்களிடம் நுட்பமான ட்ரோபோனின் சோதனை இருக்கிறது. அதுவும் அவருக்கு முதல் தடவை பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. ஆறு நாற்பது என்று தெரிந்ததால் அனுப்பவில்லை. மூன்று மணித்தியாலம் கழித்து எடுத்தபோது எண் பல மடங்கு ஏறியிருந்தது. உடனே சிகிச்சை தொடங்கினோம். பின்னேரம் வலியில்லாமல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

மனம் லேசாகி, கட்டிலருகே போய்க் கேட்டேன். "ஆறு நாப்பதுக்கு எங்க நிண்டீங்கள்?"

"பெரட்டுலதாங்க."

"அப்ப அதையே சொல்லியிருக்கலாமே. எனக்கு விளங்கும்."

அவர் தயங்கினார். "இல்லீங்க, எங்க லயத்துல ஒரு அக்கா இருந்துச்சு, செத்துப்போச்சு. அதுதான் வீடு வீடா வந்து சொல்லிக்குடுத்துச்சு. பதுளைக்குப் போனா மணியச் சொல்லுங்க, நாந்தான் தப்பாச் சொல்லிக் கெட்டுப்போனேன், பெரட்டு கிரட்டுன்னு மட்டும் சொல்லிறாதீங்க, டாக்டரம்மாவுக்குக் கோவம் வரும்னு."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கண் முட்டிவிட்டது. என் முகத்தைப் பார்த்ததும் அந்த மனுசன் பயந்துபோய், படுக்கையிலிருந்து எழும்பப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா" என்றார். "நீங்க கேட்டதால வாய் தவறிச் சொல்லிட்டேன்."