மதுமதியின் இரண்டாவது டிஸ்க்

அடையாற்றில் ஒரு நடுத்தர மருத்துவமனையில் கருவிகளுக்குப் பொறுப்பாளர் மதுமதி. அங்கே சிடி ஸ்கேன் ஒன்றுதான். பக்கவாதத்தோடு வருபவருக்கு மூளையில் அடைப்பா, ரத்தக் கசிவா என்று அது சொன்ன பிறகுதான் மருந்து. அதன் கம்ப்யூட்டருக்கான பாதுகாப்பு அப்டேட்டை நான்கு மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தார்.

நிர்வாகி சாய்நாத் அதைச் சோம்பல் என்றே நினைத்தார். “வைரஸ் வந்தா யார் பதில் சொல்றது? இந்த மாசத்துக்குள்ள முடிக்கலேன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்.”

அப்டேட்டால் மெஷின் நின்றுபோனால் நோயாளிகள் என்ன ஆவார்கள் என்பதே மதுமதியின் கவலை. அந்தக் கம்ப்யூட்டருக்கு இணையம் கிடையாது; படங்களைச் சேமிக்கும் சர்வரோடு மட்டும் பேசும். யுஎஸ்பி துளைகளை மூடி, மேலே தான் கையெழுத்திட்ட ஸ்டிக்கர் ஒட்டி, யாராவது பிரித்திருக்கிறார்களா என்று தினமும் காலையில் பார்ப்பார். ஆனாலும் தான் காத்திருப்பது எச்சரிக்கையா, பயமா என்று அவருக்கே சந்தேகம் உண்டு.

ஞாயிறு மதியம், கூட்டம் குறைவான நேரம். அவசர நோயாளிகளை நான்கு மணி நேரம் வேறிடம் அனுப்ப ஆம்புலன்ஸ்களுக்குச் சொல்லியாயிற்று. ஸ்கேன் கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் ஷோயப், டிஸ்க்கை முழுதாக இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்தார்.

“காப்பி ஆயிடுச்சு மேடம். ஸ்கிரீன்லயே கீது பாருங்க. அப்டேட் போட்ரலாமா?”

“பழசைக் கழட்டிட்டு காப்பியை மாட்டுங்க. மெஷின் எழும்புதான்னு பாக்கலாம்.”

“பொண்ணு பாக்க வந்த மாதிரி நோண்டறீங்களே.”

“விசாரிக்காம கட்டிக்கிட்டா யாருக்குக் கஷ்டம்?”

காப்பி எழும்பவில்லை. கறுப்புத் திரை. பழைய டிஸ்க்கை மாட்டி, வேலையைத் தள்ளிவைத்தார்கள். “ஏதாவது காரணம் கிடைச்சுண்டே இருக்கே உங்களுக்கு” என்றார் சாய்நாத்.

மாதத்தின் கடைசி ஞாயிறு. ஆம்புலன்ஸ்களுக்கு மறுபடி நான்கு மணி நேரம் சொல்லியாயிற்று. புது டிஸ்க். இந்தக் காப்பி எழும்பியது. அப்டேட்டைக் காப்பியின் மேல்தான் போட்டார்கள். அசல், மதுமதியின் கைப்பையில் இருந்தது. தண்ணீர் நிரம்பிய சோதனை உருளையை ஸ்கேன் செய்தார்கள். அளவுகள் சரி. ஷோயப் தன் கருவிப் பெட்டியை மூடத் தொடங்கினார்.

“இருங்க. படம் சர்வருக்குப் போகுதா?”

போகவில்லை. மேல்மாடியில் டாக்டரின் திரை காலி. அப்டேட் பழைய இணைப்பு முறையை மூடிவிட்டிருந்தது. சர்வர் அந்தப் பழைய முறையில்தான் பேசும்.

அந்த நான்கு மணி நேரம் முடிய இன்னும் ஐம்பது நிமிடம். மதுமதி கைப்பையைத் திறந்தார். அசல் டிஸ்க் மாட்டப்பட்டது. சோதனைப் படம் மேல்மாடியில் தெரிந்த பிறகே, இனி நோயாளிகளைக் கொண்டுவரலாம் என்று ஆம்புலன்ஸ்களுக்குச் சொன்னார். ஐந்தரைக்குச் சைதாப்பேட்டையிலிருந்து, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்ட பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கசிவு இல்லை என்று ஸ்கேன் காட்டியது, மருந்து ஏறியது.

மறுநாள் சாய்நாத் நடந்ததை இரண்டு தடவை கேட்டார். பாராட்டவில்லை, வேறு ஆளைப் பற்றியும் பேசவில்லை.

“எப்பதான் முடியும்?”

“முதல்ல சர்வரைச் சரி பண்ணணும். மூணு வாரம், எழுதித் தரேன்.”

சொல்லிவிட்டு ஸ்கேன் அறைக்குப் போய், ஸ்டிக்கரில் இருப்பது தன் கையெழுத்துதானா என்று குனிந்து பார்த்தார்.