ஐம்பதாவது பை

செய்தி வந்தபோது புதன்கிழமை மத்தியானம் மணி இரண்டு இருபது. பிச்சைமுத்து பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் வருவதற்குள் ஒரு கண் தூங்கிக்கொள்ளலாம் என்று ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்த நேரம். கிளினிக்கிலிருந்து டாக்டர் மோகனா அழைத்தார்.

"அங்கிள், ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்திடுச்சு. உங்க உடம்புல இரும்புச் சத்து சேமிப்பு ஒன்பதுதான் இருக்கு."

"பாஸ் மார்க் எவ்வளவு டாக்டர்?"

"உங்களை மாதிரி கால் தொந்தரவு உள்ளவங்களுக்கு எழுபத்தஞ்சுக்கு மேல இருந்தா நல்லது."

மகள் ஷாந்தினி கணக்குப் பாடத்தில் பதினெட்டு வாங்கியபோது தாம் குதித்த குதியை நினைத்துப் பிச்சைமுத்து வாயை மூடிக்கொண்டார்.

கால் தொந்தரவு வந்து ஒரு வருஷம் இருக்கும். வலி என்று சொல்ல முடியாது. எறும்பு ஊர்வது போலவும் இல்லை. படுத்த பத்தாவது நிமிஷம் முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் யாரோ சோடாவைத் திறந்துவிட்டது போல இருக்கும். காலை ஆட்டியே ஆகவேண்டும். எழுந்து நடந்தால் நின்றுவிடும். படுத்தால் மறுபடியும் தொடங்கும். பகலெல்லாம் இருந்த இடம் தெரியாது. பொழுது சாய்ந்து படுக்கையைக் கண்டால்தான் அதற்கு விழிப்பு வரும்.

அதனால் மனிதர் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை நடக்கத் தொடங்கினார். பாச்சாங்கில் அவர் இருக்கும் தாமான் குடியிருப்பில் அப்போது இரண்டு மோட்டார் சைக்கிள்கள் களவு போயிருந்தன. ராத்திரி ஒரு மணிக்கு ஒருவர் தாமாகவே ரோந்து போகிறார் என்று குடியிருப்போர் சங்கம் நெகிழ்ந்துபோய், அவருக்கு ஒரு டார்ச் லைட்டும் விசிலும் வாங்கித் தந்தது. மறுக்க வெட்கப்பட்டு வாங்கிக்கொண்டார்.

மனைவி ராஜம்மா எல்லா வைத்தியமும் பார்த்தாள். விரிப்புக்கு அடியில் சோப்புக்கட்டி வைத்தாள். நல்லெண்ணெய் தேய்த்தாள். தூக்கம் வரட்டும் என்று சளி மாத்திரை கொடுத்தாள். அன்றைக்குக் கால்கள் இன்னும் கூத்தாடின. கடைசியில் பழைய சேலையால் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினாள். விடிவதற்குள் அவள் முதுகில் சேர்த்தாற்போல் இரண்டு உதை விழுந்தது. மறுநாளே தலையணையோடு ஹாலில் இருந்த சோபாவுக்குக் குடிபோனாள்.

"முப்பது வருஷமா வாயால உதைச்சீங்க. பொறுத்துக்கிட்டேன். இது ஆகாதுலா" என்றாள்.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது சிக்னலில் ஒருநாள் கண் சொக்கியது. அப்புறம்தான் பயந்து டாக்டரிடம் போனார்.

போனில் டாக்டர் மோகனா குரலைத் தணித்தார். "ஆம்பளைங்களுக்குக் காரணம் இல்லாம இரும்பு குறையாது அங்கிள். வயித்துலயோ குடல்லயோ ரத்தம் கசியலாம். நிச்சயமா எங்கயும் ரத்தம் போகலையா?"

"ஒரு சொட்டு கூட இல்ல டாக்டர்."

"சரி, மலப் பரிசோதனை பண்ணணும். குடலுக்குள்ள விட்டுப் பார்க்கற ஸ்கோப்புக்கும் எழுதறேன்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் ராஜம்மா முதலில் அழுதாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு அவர் சட்டைப் பையையே பார்த்தாள். அங்கே எப்போதும் போல் அந்தச் சிவப்புப் புத்தகம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ரத்த தானம் செய்கிறவர்களுக்குத் தரும் புத்தகம்.

"நாப்பத்தொன்பது பை குடுத்திருக்கீங்களே. அதைச் சொன்னீங்களா?"

"அவங்க ரத்தம் போகுதான்னுதானே கேட்டாங்க?"

"அது போனது இல்லையா?"

"அது எப்படிப் போனதாகும்? நானா குடுத்தது!"

ராஜம்மா தலையில் அடித்துக்கொண்டு தானே போன் செய்தாள். மறுமுனையில் டாக்டர் மோகனா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஆன்ட்டி, ஒவ்வொரு பையோடவும் இரும்பும் போகுது. மூணு மாசத்துக்கு ஒரு தடவைன்னா உடம்பு ஈடுகட்ட முடியாது."

"விரல்ல குத்திப் பார்த்து நல்லா இருக்குன்னுதானே எடுக்கறாங்க டாக்டர்?" என்று பிச்சைமுத்து பின்னாலிருந்து கத்தினார்.

"குழாய்ல தண்ணி வரத்தான் செய்யும் அங்கிள். மேல தொட்டி காலி. மலப் பரிசோதனையை எதுக்கும் பண்ணிடுவோம். நான் சொல்ற வரைக்கும் ரத்தம் குடுக்கக் கூடாது. இரும்பு மாத்திரை தர்றேன், அதைத் தே தாரேயோட முழுங்காதீங்க, தேத்தண்ணி இரும்பை உடம்புல சேரவிடாது. ஆரஞ்சு ஜூஸ் நல்லது. மலம் கறுப்பாப் போனா பயப்படாதீங்க, மாத்திரையாலதான். கால் அடங்கச் சில வாரம் ஆகும், மாசக்கணக்கும் ஆகலாம்."

பரிசோதனையில் கோளாறு ஒன்றும் இல்லை. ஆனால் பிச்சைமுத்துவுக்கு வேறு கவலை. கோவில் மண்டபத்தில் அடுத்த மாதம் ரத்ததான முகாம். செயலாளர் கவிநேசன் "ஐம்பதாவது முறை" என்று அவர் படத்தைப் போட்டு எட்டடிப் பேனர் அடித்துவிட்டார். பொன்னாடை வாங்கியாகிவிட்டது.

பொன்னாடைக்காக அவர் கிடந்து தவிக்கவில்லை. செலண்டார் எஸ்டேட்டில் இருந்த காலத்தில் தம்பி ஷங்கர் லாரியில் அடிபட்டான். முகம் தெரியாதவர்கள் கொடுத்த பன்னிரண்டு பை ரத்தம் அவனுக்கு ஏறியது. பிழைக்கவில்லை. ஆனால் மூன்று நாள் கூடுதலாக இருந்தான். அந்த மூன்று நாளும் அம்மாவோடு பேசினான். பிச்சைமுத்து அதே மாதம் முதல் பையைக் கொடுத்தார். ஐம்பது கொடுப்பதென்று தம்பி படத்துக்கு முன்னால் சொல்லியிருந்தார்.

முகாமுக்குத் திருட்டுத்தனமாகக் கிளம்பினார். "கோவில்ல நாற்காலி அடுக்கணும்" என்று ராஜம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். விரலில் குத்தினார்கள், தேறிவிட்டார். "ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்ற கேள்விக்கு இல்லை என்று போட்டபோது மட்டும் பேனா கொஞ்சம் தயங்கியது. சாய்வு நாற்காலியில் படுத்தார். அந்த நேரம் பார்த்துக் கவிநேசன் ஓடிவந்தார்.

"அண்ணே, ஊசியைப் போடச் சொல்லிடாதீங்க. கோவில் தலைவர் வந்துக்கிட்டிருக்காரு. போட்டோவுக்கு அவர் நிக்கணும்லா."

தலைவர் வருவதற்குச் சாயங்காலம் ஐந்து மணி ஆகிவிட்டது. அசையாமல் படுத்திருந்த கால்களுக்குள் சோடா மெல்லப் பொங்கத் தொடங்கியது. பல்லைக் கடித்தார். கட்டைவிரலை மடக்கினார். வலது கால் துள்ளியது. பின்னாலேயே இடது கால். தாளம் தப்பாமல் இரண்டும் சைக்கிள் மிதித்தன.

இளம் நர்ஸ் குனிந்து, கனிவாக அவர் தோளைத் தட்டினாள். "பாங், தாகுட் கா?" பயமா அண்ணே என்கிறாள்!

நாற்பத்தொன்பது பை கொடுத்தவனைப் பார்த்து. பேனருக்கு அடியிலேயே வைத்து. தலைவர் காதில் விழும்படி.

"யாருக்குப் பயம்?" பிச்சைமுத்து எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "இது பயம் இல்ல! எனக்கு இரும்பு ஒன்பதுதான் இருக்கு! டாக்டர் மாத்திரை குடுத்திருக்காங்க! அதான் கால் ஆடுது!"

தலைவர் விரித்த பொன்னாடை அந்தரத்தில் நின்றது. கவிநேசன் மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னார். நர்ஸ் ஊசியை ஓரமாக எடுத்துவைத்தாள்.

"அப்படின்னா இங்க எதுக்குப் படுத்திருக்காரு?" என்று மலாயிலேயே கேட்டாள்.

கணவரைத் தேடிவந்த ராஜம்மா மண்டப வாசலில் நின்றிருந்தாள். அவள்தான், "நாற்காலி அடுக்க வந்தாருமா" என்றாள்.

நாற்பத்தொன்பதுக்கே பொன்னாடை போர்த்தினார்கள். பேனரில் ஐம்பதின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி நாற்பத்தொன்பது என்று எழுதினார்கள். மாலை முழுக்க அவர் மற்றவர்களுக்கு மிலோ ஊற்றிக் கொடுத்தார். நின்றபடி செய்யும் வேலை, கால்கள் சத்தமே காட்டவில்லை.

மூன்று மாதத்தில் முக்கால்வாசி அடங்கியது. சோபாவிலிருந்து தலையணை திரும்பிவந்தது. இப்போது அவர் விடும் குறட்டைக்கு உதையே தேவலை என்கிறாள் ராஜம்மா. தெருவில் ரோந்து நின்றுவிட்டதென்று சங்கத்தார் இரண்டு தடவை வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இரும்புச் சேமிப்பு இப்போது நாற்பத்தொன்றுக்கு வந்திருக்கிறது. டாக்டர் மோகனா இன்னும் சரி சொல்லவில்லை. சிவப்புப் புத்தகத்தில் முகாமுக்கு முந்தின நாளே பிச்சைமுத்து தம் கையால் 50 என்று எழுதி வைத்திருந்தார். அதற்கு எதிரே தேதி எழுத வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது.