முப்பத்தாறுக்கு அறுபது

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கும்மிடிப்பூண்டியில் ரயில்வே கேட்டைத் தாண்டி என் அப்பா ஒரு மனை பார்த்தார். நாற்பதடி அகலம், அறுபதடி நீளம். சரியாக ஒரு கிரவுண்டு.
2. சதுர அடி ஒன்றேகால் ரூபாய் என்றார் புரோக்கர். இரண்டாயிரத்து நானூறு சதுர அடிக்கு மூவாயிரம் ரூபாய்.
3. அப்பா இருநூறு ரூபாய் முன்பணம் கொடுத்து, ஆனிக் கடைசிக்குள் பத்திரம் முடிப்பதாக ரசீதில் கையெழுத்துப் போட்டார். தவறினால் அந்த இருநூறு போய்விடும்.
4. கொடுத்த இருநூறையும் சேர்த்து மூவாயிரம் தேறிவிட்டது. பாதி அவருடைய சேமிப்பு, பாதி மில்லில் கிடைத்த பி.எஃப். முன்பணம்.
5. மனை விலைக்கு மேல் பத்திரச் செலவு என்று ஒன்று இருப்பது, பத்திரம் எழுதப் போன காலையில்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. அன்று ஆனி மாதத்தில் மிச்சம் இருந்தது இரண்டு நாள்.

ஐந்தாவதில் எனக்கும் பங்கு உண்டு. நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, புதிதாக வந்துகொண்டிருந்த தொழிற்பேட்டையில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வரைபடங்களைப் படியெடுக்கும் டிரேசராக இருந்தேன். மனையின் நான்கு பக்கத்தையும் டேப் பிடித்து அளந்தேன். மூலைக்கு மூலையும் அளந்து, மனை கோணவில்லை என்று உறுதி செய்தேன். பரப்பை விலையால் பெருக்கி, அடியில் இரண்டு கோடு போட்டு மூடி வைத்துவிட்டேன். இரண்டு கோடு போட்ட பிறகு கணக்கு முடிந்தது என்று நினைப்பது எங்கள் தொழிலில் ஒரு பழக்கம்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில் பத்திர எழுத்தர் சாய்வு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நிலத்துக்காரரும் புரோக்கரும் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள்.

“டப்பு எத்தினி கொண்டாந்தே நைனா?” என்று எழுத்தர் அப்பாவைக் கேட்டார்.

“குடுத்தது போக ரெண்டாயிரத்தி எண்ணூறு. கரெக்டா கீது.”

“அது மனைக்கு. முத்திரைத்தாளுக்கு?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் எழுத்தரைப் பார்த்தேன். அவர் விரல் விட்டுச் சொன்னார். முத்திரைத்தாளும் அதன் மேல் பஞ்சாயத்துக்குப் போகும் கூடுதல் வரியும் சேர்ந்து அன்றைய வீதத்தில் நூற்றுக்கு ஒன்பது. பதிவுக் கட்டணம் நூற்றுக்கு ஒன்று. தன் எழுத்துக்கூலி, நகல் எல்லாம் சேர்த்து முப்பது. மூவாயிரத்துக்கு இருநூற்று எழுபது, முப்பது, முப்பது. ஆக முந்நூற்று முப்பது ரூபாய் குறைந்தது.

முந்நூற்று முப்பது என்பது அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். அம்மாவின் நகை என் படிப்போடு முடிந்திருந்தது. மில் கேட்டில் வட்டிக்குக் கொடுக்கிறவர் உண்டு. சம்பள நாளில் அவர் முன்னால் வரிசையில் நின்றவர்களை அப்பா இருபது வருடமாகப் பார்த்தவர். அவரிடம் போக மாட்டார்.

“இதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பேஜாரு?” என்றார் புரோக்கர். “பத்திரத்துல வெல ஆயிரத்தி ஐந்நூறுன்னு போட்டுக்கலாம். செலவு பாதியாப் பூடும். ஊர்ல எல்லாரும் செய்றதுதான்.”

எழுத்தர் பேனா முள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்த டிரேசிங் தாள் துண்டின் ஓரத்தில் கணக்கைப் போட்டேன்.

“அப்பிடிப் போட்டாலும் நூத்தம்பதும் முப்பதும் ஆவுது. இன்னும் நூத்தி எம்பது ஒதைக்குதுண்ணே.”

“அப்ப ஐந்நூறுன்னு போடு.”

“அப்பவும் எம்பது ரூபா கொறையுது.”

“மில்லுல பத்திரத்தக் காட்டணும்யா,” என்றார் அப்பா. “ஐந்நூறு ரூபா மனைக்கு ஆயிரத்தி ஐந்நூறு எதுக்கு வாங்கினேன்னு கேட்டா, உன்ன அனுப்பவா?”

முத்திரைத்தாள் விற்பவர் வாசலில் வந்து நின்று, “எத்தினி ரூபாக்குத் தாளு? சீக்கிரம் சொல்லுங்க. வாங்கினப்புறம் வேணாம்னா திருப்பித் தர மாட்டேன்,” என்றார். அப்பா எழுந்து நின்று, பணம் வைத்திருந்த மஞ்சள் பையை மறுபடி இடுப்பில் கட்டத் தொடங்கினார். திரும்பிப் போவதற்குத்தான் என்று எனக்குத் தெரிந்தது.

“கொஞ்சம் இரு நைனா,” என்றேன்.

அதுவரை நான் மனையிலிருந்து பணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது பணத்திலிருந்து மனைக்கு வந்தேன். மூவாயிரத்தில் எழுத்தருக்கு முப்பது போக இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது. ஒரு சதுர அடிக்கு விலை ஒன்றேகால் ரூபாய். அதன் மேல் செலவு நூற்றுக்குப் பத்து, அதாவது பன்னிரண்டரைப் பைசா. இரண்டு சதுர அடியாக எடுத்தால் இரண்டே முக்கால் ரூபாய். வகுத்தால் ஆயிரத்து எண்பது. இரட்டித்தால் இரண்டாயிரத்து நூற்று அறுபது சதுர அடி. நீளம் அறுபதை மாற்றாமல் வைத்தால் அகலம் முப்பத்தாறு. மீதி இல்லை. என் அலுவலகத்தில் எந்தக் கணக்கும் இப்படி மீதியில்லாமல் விழுந்ததில்லை, அதனால் இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன்.

“நாலடி கம்மியா வாங்கிக்கிறோம். அதே ரேட்டு,” என்றேன்.

நிலத்துக்காரர் முதன்முறையாகப் பேசினார். “மிச்ச நாலடிய நான் இன்னா பண்றது? மடிச்சி இடுப்புல சொருகிக்கவா?”

“பக்கத்து மனை இன்னும் விக்கல இல்லீங்களா? அதோட சேத்துடுங்க. அது நாப்பத்தி நாலடி ஆவும். மூவாயிரத்தி முந்நூறுக்கு விப்பீங்க. நடு எல்லைக் கல்ல மட்டும் நவுத்தணும்.”

அவர் எழுத்தரைப் பார்த்தார். “செக்குபந்தியில நாலு பக்கத்து அளவ மாத்தி எழுதினாப் போதும்,” என்றார் எழுத்தர்.

“இன்னா நைனா, பொண்ணு கணக்கு டீச்சரா?” என்றார் புரோக்கர்.

“படம் போட்ற வேல,” என்றார் அப்பா. ஆனால் அவர் முகம் தெளியவில்லை. என்னைக் கொட்டகைக்கு வெளியே அழைத்துப் போனார். “ஷிப்டுல எல்லார் கிட்டயும் ஒரு கிரவுண்டு வாங்கினேன்னு சொல்லிக்கினு கீறேன்மா. நாலடி போச்சுன்னா அது கிரவுண்டு இல்லியே.”

அவருடைய அப்பா பிறர் வயலில் நாற்று நட்டவர். கிரவுண்டு என்ற சொல்லை எங்கள் குடும்பத்தில் முதலில் சொன்னவர் இவர்தான். “கடன் இல்லாத முப்பத்தாறு அடி நைனா,” என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு பீடி பிடித்து முடித்து, மிச்சத்தை எதிரே இருந்த புளியமரத்தடியில் போட்டு மிதித்தார். பிறகு உள்ளே போய், பையை அவிழ்த்து மேசை மேல் வைத்தார்.

பத்திரம் அன்றே எழுதப்பட்டது. கிரய விலை இரண்டாயிரத்து எழுநூறு. முத்திரை இருநூற்று நாற்பத்து மூன்று. பதிவுக் கட்டணம் இருபத்தேழு. எழுத்தருக்கு முப்பது. மூவாயிரம் முடிந்தது. டீக்கும் பஸ்ஸுக்கும் என் கைப்பையிலிருந்து கொடுத்தேன்.

மறுநாள் காலை நானும் அப்பாவும் நிலத்துக்காரரின் ஆளும் போய் நடுக் கல்லைப் பிடுங்கி நான்கடி தள்ளி நட்டோம். டேப்பின் ஒரு முனையை அப்பா பிடித்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்: “அப்ப கோழிக் கூண்டு எங்க வெக்கிறது?”

மனை இப்போது அப்பா பெயரில் இருக்கிறது. அகலம் முப்பத்தாறு, நீளம் அறுபது. வீடு கட்டி மூன்று வருடமாகிறது. கோழிக் கூண்டு பின்பக்கம். பக்கத்து மனையை நாற்பத்து நான்கு அடியாக ஒரு ரயில்வேக்காரர் வாங்கினார். அந்த நான்கடியில் அவர் தென்னை வைத்திருக்கிறார். யாராவது கேட்டால் அப்பா, “கிரவுண்டுக்கு நாலடி கம்மி,” என்கிறார். யாருக்கும் நாங்கள் பாக்கி இல்லை.